கடோரியா, கரண்டியா, தட்டா? தராசு இல்லாத வீட்டில் மதியச் சாப்பாட்டை அளக்க எது சரிவரும்

டயட் சீட்டில் "சாதம் ஒன்றரை கடோரி, சாம்பார் ஒரு கடோரி, காய் ஒரு கடோரி" என்று எழுதி வந்திருக்கும். வீட்டு அலமாரியைத் திறந்தால் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் எவர்சில்வர் கிண்ணங்கள் நாலு அளவில் இருக்கும். இதில் எது கடோரி? இன்னொரு பக்கம், "கிண்ணமெல்லாம் வேண்டாம், இரண்டு கரண்டி சாதம் போட்டுக்கொள்ளுங்கள்" என்பார் ஒருவர். "தட்டில் பாதி காய், கால் சாதம், அவ்வளவுதான்" என்பார் இன்னொருவர். மூன்றும் வேலை செய்யும் முறைகள்தான். ஆனால் மூன்றும் ஒரே வேலையைச் செய்வதில்லை. சர்க்கரைக்காகவோ எடைக்காகவோ மதியச் சோற்றை அளக்க நினைப்பவர்கள் இவற்றில் எதை எடுப்பது என்பதே இங்கே கேள்வி.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதலாவது, திங்கட்கிழமை போட்ட அளவே வெள்ளிக்கிழமையும் விழுகிறதா என்பது. சரியான கிராம் தெரிவதைவிட இது முக்கியம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து சர்க்கரை பார்ப்பவருக்கு, அளவு நாளுக்கு நாள் மாறினால் அந்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

இரண்டாவது, அந்த அளவைக் கிராமுக்கு மாற்ற முடியுமா என்பது. மாவுச்சத்தை எண்ணிச் சாப்பிட வேண்டியவருக்கு இது இல்லாமல் முடியாது. எடையை மட்டும் கவனிப்பவருக்கு இல்லாவிட்டாலும் ஓடும்.

மூன்றாவது, நம் சாப்பாட்டு முறைக்கு ஒத்துவருமா என்பது. மதியச் சாப்பாடு ஒரே தடவையில் தட்டில் விழுவதில்லை. சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று சோறு மூன்று தவணையில் வருகிறது. பரிமாறுவது பெரும்பாலும் வேறொருவர். இந்த இடத்தில்தான் பல முறைகள் சறுக்குகின்றன.

## கிண்ணம்

கிண்ணம் கொள்ளளவை அளக்கிறது. அதனால் முதலில் அந்தக் கிண்ணத்தின் கொள்ளளவு தெரிய வேண்டும். டயட் சீட்டு எழுதுபவர்களில் சிலர் கடோரி என்று 150 மில்லியை மனதில் வைத்திருப்பார்கள், சிலர் 200 மில்லியை. எது என்று அவரிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம் சின்ன விஷயமில்லை.

வீட்டுக் கிண்ணத்தை அளக்கத் தராசு தேவையில்லை, அரை லிட்டர் பால் பாக்கெட் போதும். காய்ச்சுவதற்கு முன் அந்தப் பாலைக் கிண்ணத்தில் விளிம்பு வரை ஊற்றி, பால் பாத்திரத்துக்கு மாற்றி, எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுங்கள். சரியாக மூன்று தடவை வந்தால் கிண்ணம் சுமார் 165 மில்லி. இரண்டரை தடவை வந்தால் 200. மூன்று தடவை போக இன்னும் கால் கிண்ணம் மீந்தால் ஏறக்குறைய 155. அந்த ஒரு கிண்ணத்தின் அடியில் ஆணியால் சின்னக் கோடு போட்டு, அளவுக்கென்று ஒதுக்கிவிடுங்கள். அடுத்த வாரம் அதே மாதிரி வேறு கிண்ணம் கைக்கு வந்துவிட்டால் இத்தனையும் வீண்.

அடுத்தது அந்தக் கிண்ணத்துச் சோற்றில் எவ்வளவு அரிசி இருக்கிறது என்பது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு ஆய்வுகளில் பயன்படும் கணக்கு இதற்கு அப்படியே பொருந்தும். சமைக்கப் போட்ட பச்சை எடையை வெந்த மொத்த அளவால் வகுத்து, ஒருவர் சாப்பிட்ட அளவால் பெருக்க வேண்டும். தராசு இல்லாத வீட்டில் பச்சை எடைக்கு எங்கே போவது? ஒரு கிலோ அரிசிப் பாக்கெட் இருக்கிறதே. அதைப் பிரித்து, வழக்கமாக அரிசி எடுக்கும் டம்ளரால் தலைதட்டி அளந்து டப்பாவில் கொட்டுங்கள். ஆறேகால் டம்ளர் வந்தால் ஒரு டம்ளர் 160 கிராம்.

இப்போது ஒரு வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். இரண்டு டம்ளர் அரிசி, அதாவது 320 கிராம், குக்கரில் வைத்தாயிற்று. வெந்த சோற்றை ஒரு தடவை மட்டும் அந்த 165 மில்லிக் கிண்ணத்தால் அழுத்தாமல், தலைதட்டி அளந்து வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும். ஏழேகால் கிண்ணம் வருகிறது. 320-ஐ ஏழேகாலால் வகுத்தால் ஒரு கிண்ணச் சோற்றில் 44 கிராம் அரிசி. அரிசியில் நூற்றுக்கு 78 பங்கு மாவுச்சத்து என்று வைத்தால் கிண்ணத்துக்கு 34 கிராம். ஒன்றரைக் கிண்ணம் சாப்பிடுபவருக்கு 51 கிராம். இதை ஒரு தாளில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டிவிட்டால், தினம் கணக்குப் போட வேண்டியதில்லை.

ஆனால் அந்த எண் அதே அரிசி, அதே தண்ணீர் இருக்கும் வரைதான் செல்லும். குழைய வேண்டும் என்று தண்ணீரைக் கூட்டினால் அதே அரிசி அதிகக் கிண்ணங்களை நிரப்பும், கிண்ணத்துக்கு உள்ள அரிசி குறையும். உதிரி உதிரியாக வடித்தால் கதை வேறு. பழைய அரிசி புது அரிசியைவிட அதிகம் தண்ணீர் வாங்கிப் பொங்கும். அரிசி மாறினால் ஒருமுறை மறுபடி அளந்துவிடுவது சிரமமில்லை.

கிண்ணத்தில் ஏமாறும் இடங்கள் இரண்டு. இரண்டுமே கண்ணை நம்புவதால் வருபவை.

ஒன்று, குவிப்பது. மேல் வாய் எட்டரை சென்டிமீட்டர் அகலமுள்ள கிண்ணத்தில் சோறு மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்குக் கோபுரமாக நின்றால், அந்தக் கோபுரம் மட்டும் 55 மில்லிக்கு மேல். 165 மில்லிக் கிண்ணத்துக்கு அது மூன்றில் ஒரு பங்கு. ஒரு கிண்ணம் என்று நினைத்துச் சாப்பிட்டது ஒன்றேகால் கிண்ணத்தைத் தாண்டியிருக்கும், மாவுச்சத்தில் 12 கிராம் போலக் கூடியிருக்கும். கரண்டி முதுகால் அழுத்தி நிரப்பினாலும் இதே கதைதான். வெளியே தலைதட்டின மாதிரியே தெரியும், உள்ளே கால் பங்கு வரை அதிகம் போயிருக்கும்.

இன்னொன்று, அரைக் கிண்ணம். பாதி உயரம் வரை நிரப்பினால் அரைக் கிண்ணம் என்று நினைக்கிறோம். கிண்ணம் கீழே குறுகி மேலே விரிவது. அடி ஆறு சென்டிமீட்டர், வாய் எட்டரை, உயரம் நாலு என்று இருக்கும் கிண்ணத்தில் பாதி உயரத்தில் நூற்றுக்கு 41 பங்குதான் இருக்கும். அடி உருண்டையாக, அரைக் கோளம் போல இருக்கும் கிண்ணத்தில் பாதி உயரம் என்பது 31 பங்கு, அதாவது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அரைக் கிண்ணம் வேண்டுமென்றால் ஒரு கிண்ணத்தைத் தலைதட்டி எடுத்து, தட்டில் கவிழ்த்து, கரண்டியால் இரண்டாக வகுந்து ஒன்றைத் திருப்பிப் போடுவதே சரி.

மூன்று தவணைச் சிக்கலுக்கும் கிண்ணத்தில் வழி உண்டு. அன்றைய ஒன்றரைக் கிண்ணத்தை முதலிலேயே அளந்து ஒரு பாத்திரத்தில் தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். சாம்பாருக்குப் பாதி, மீதியை ரசத்துக்கும் மோருக்குமாக அதிலிருந்தே போட்டுக்கொள்வது. பாத்திரம் காலியானால் சோறு முடிந்தது. ஒவ்வொரு தவணைக்கும் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு குக்கரிடம் போனால் மூன்றாம் நாள் அலுத்துவிடும்.

## கரண்டி

கரண்டியின் பலம், அது ஏற்கெனவே கையில் இருப்பது. தனிப் பாத்திரம் வேண்டாம், கழுவக் கூடுதலாக ஒன்றும் சேராது, பரிமாறுபவரிடம் "இரண்டு போதும்" என்று சொன்னால் முடிந்தது. குடும்பமே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும்போது ஒருவர் மட்டும் கிண்ணத்தால் அளந்துகொண்டிருப்பது பலருக்குக் கூச்சமாக இருக்கும். அங்கே கரண்டிதான் நிலைக்கும்.

ஆனால் எந்தக் கரண்டி என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சாதக் கரண்டி தட்டை. அதற்கு விளிம்பு இல்லை, அதனால் கொள்ளளவு என்று ஒன்று கிடையாது. அதில் நிற்பது எவ்வளவு என்பதைச் சோற்றின் பதமும் போடுகிறவர் கையும் தீர்மானிக்கின்றன. குழைந்த சோறு ஒட்டிக்கொண்டு மலை மாதிரி நிற்கும், உதிரிச் சோறு சரிந்துவிடும். ஒரே வீட்டில் அம்மா போடும் ஒரு கரண்டியும் மகன் போட்டுக்கொள்ளும் ஒரு கரண்டியும் ஒன்றல்ல. இதைச் சரிசெய்ய, யார் வழக்கமாகப் பரிமாறுகிறாரோ அவரையே, எப்போதும் போடுகிற மாதிரியே, கோடு போட்ட கிண்ணத்துக்குள் போடச் சொல்லுங்கள். இரண்டரைக் கரண்டியில் கிண்ணம் நிறைந்தால் அவர் கைக்கு ஒரு கரண்டி சுமார் 65 மில்லி. மூன்று நாள் இப்படிப் பார்த்தால் எவ்வளவு ஊசலாடுகிறது என்பதும் தெரிந்துவிடும். ஒரு நாள் இரண்டு, ஒரு நாள் மூன்று என்று வந்தால் அந்த வீட்டில் சோற்றுக்குக் கரண்டிக் கணக்கு வேண்டாம்.

குழிவான குழம்புக் கரண்டி அப்படியில்லை. அதற்கு விளிம்பு உண்டு, திரவம் குவியாது. பால் பாக்கெட்டாலோ, மருந்து பாட்டிலோடு வரும் மில்லி குறித்த மூடியாலோ ஒருமுறை அளந்துவிட்டால் அது கிண்ணத்தைவிட நம்பகமானது. இட்லி, தோசை மாவுக்கு இதற்கு மேல் ஒன்று கிடையாது. நாலு டம்ளர் அரிசி, ஒரு டம்ளர் உளுந்து சேர்த்து ஏறக்குறைய 800 கிராம் தானியம், அரைத்த மாவு நாற்பது கரண்டி வருகிறது என்றால் ஒரு கரண்டியில் 20 கிராம் தானியம். ஒரு கரண்டியில் ஒரு தோசை என்று வார்க்கிற வீட்டில் மூன்று தோசைக்கு 60 கிராம். மெல்லிசாக இழுத்தாலும் கனமாக வார்த்தாலும் கணக்கு மாறாது.

சாம்பாருக்கு வந்தால் ஒரு கண்ணி இருக்கிறது. பருப்பு அடியில் தங்கும். மேலாக மொண்ட கரண்டியில் தெளிவு, அடியிலிருந்து மொண்டதில் பருப்பும் காயும். அதனால் அடியோடு கலக்கிவிட்டு மொள்ள வேண்டும். அப்படி மொண்டாலும் எவ்வளவு பருப்பு வருகிறது? நாலு பேருக்கு 100 கிராம் துவரம்பருப்பு போட்டு 1,200 மில்லி சாம்பார் வைத்தால், 80 மில்லிக் கரண்டியால் இரண்டு கரண்டி என்பது 160 மில்லி. அதில் இருப்பது 13 கிராம் பருப்பு, புரதம் 3 கிராம் போல. "தினமும் பருப்பு சாப்பிடுகிறோமே" என்று சொல்பவர்கள் இந்த 3 கிராமைப் பார்த்தால் தட்டில் சுண்டலுக்கோ முட்டைக்கோ இடம் தேடுவார்கள்.

கரண்டியின் மறைமுகச் செலவு மறதி. இரண்டு, பிறகு ஒன்று, மோருக்கு "கொஞ்சம்". அந்தக் கொஞ்சத்தை யாரும் எண்ணுவதில்லை. மூன்று கரண்டி என்று நினைத்திருப்பவர் தட்டில் நாலு விழுந்திருக்கும்.

## தட்டு

தட்டு முறை அளவைப் பார்ப்பதில்லை, விகிதத்தைப் பார்க்கிறது. பாதித் தட்டு காய்கறி, கால் தட்டு புரதம், கால் தட்டு சோறோ சப்பாத்தியோ. கழுவக் கூடுதலாக ஒன்றும் சேராது, கணக்கு இல்லை. ஊருக்குப் போன இடத்திலும் கல்யாணப் பந்தியிலும்கூடச் செய்யலாம். காயே சாப்பிடாத வீட்டில் இது ஒன்றுதான் உண்மையான மாற்றத்தைக் கொண்டுவரும், ஏனென்றால் பாதித் தட்டு காலியாக இருப்பது கண்ணில் குத்தும்.

அந்த முறை 9 அங்குலத் தட்டை மனதில் வைத்துச் சொல்லப்பட்டது என்பதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். நம் சாப்பாட்டுத் தட்டு பல வீடுகளில் 12 அங்குலம். குறுக்களவில் மூன்று அங்குலம்தான் கூட, ஆனால் பரப்பில் கிட்டத்தட்ட 1.8 மடங்கு. சோறு இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரவியிருந்தால், 9 அங்குலத் தட்டின் கால் பகுதியில் 200 மில்லி, நம் கிண்ணக் கணக்கில் ஒன்றேகால். 12 அங்குலத் தட்டின் கால் பகுதியில் 365 மில்லி, அதாவது இரண்டேகால் கிண்ணம். "கால் தட்டுதான் சாப்பிடுகிறேன், சர்க்கரை குறையவில்லை" என்ற புலம்பலுக்குப் பல நேரம் காரணம் இதுதான். விளிம்பிலிருந்து விளிம்பு அளக்காமல், தட்டையான அடிப்பகுதியை ஸ்கேலால் அளந்து பாருங்கள். அது 9 அங்குலத்தைத் தாண்டினால் டிபன் தட்டுக்கு மாறுவது நல்லது.

இரண்டாவது கோளாறு மூன்று தவணை. கால் தட்டில் சாம்பார் சாதம் சாப்பிட்டு முடித்ததும் அந்த இடம் காலியாகிறது. ரசத்துக்கு மறுபடி கால் தட்டு, மோருக்கு மறுபடி. ஒவ்வொரு தவணையிலும் தட்டைப் பார்த்தால் விகிதம் சரியாகவே தெரியும், கூட்டிப் பார்த்தால் முக்கால் தட்டுச் சோறு. தட்டு முறையைப் பின்பற்றுகிறவர் மூன்று தவணைக்குமான சோற்றை முதலிலேயே அந்தக் கால் பகுதிக்குள் வைத்துக்கொண்டு, அதைத்தான் பிரித்துப் பிசைய வேண்டும்.

காய் என்ற பெயரில் உருளைக்கிழங்கு, சேப்பங்கிழங்கு, சேனை, வாழைக்காய் வந்தால் அவை சோற்றுப் பக்கம் சேர வேண்டியவை. பாதித் தட்டு உருளை வறுவல் காய்கறிக் கணக்கில் வராது. புரதப் பக்கத்தில் சாம்பாரை எழுதிக்கொள்வதும் அதே தப்பு.

இன்னொரு குழப்பமும் உண்டு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்டுள்ள தட்டுப் படம் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கானதல்ல, ஒரு முழு நாளுக்கானது. 2,000 கலோரிக்கு அதில் சொல்லியிருக்கும் 250 கிராம் தானியம், 400 கிராம் காய்கறி எல்லாம் சமைக்காத எடை. நம் கிண்ணத்தில் 44 கிராம் அரிசி என்று பார்த்தோம். அந்த 250 கிராம் என்பது காலை இட்லியும் இரவுச் சப்பாத்தியும் சேர்த்து, நாள் முழுவதற்கும் ஐந்தரைக் கிண்ணச் சோற்றுக்குச் சற்று மேல். அந்தப் படத்தைப் பார்த்து மதியத் தட்டை அடுக்கினால் மதியத்துக்கே பாதி நாள் முடிந்துவிடும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | கிண்ணம் | கரண்டி | தட்டு |
|---|---|---|---|
| நாளுக்கு நாள் ஒரே அளவு | தலைதட்டினால் நன்றாக வரும் | குழம்புக் கரண்டியில் வரும், சாதக் கரண்டியில் கைக்குக் கை மாறும் | உயரம் மாறினால் மாறிவிடும் |
| கிராமுக்கு மாற்ற | முடியும் | கிண்ணத்தோடு ஒப்பிட்ட பிறகு முடியும் | முடியாது என்றே வைத்துக்கொள்ளலாம் |
| சாம்பார், ரசம், மாவு | நன்று | மிக நன்று | உதவாது |
| கலந்த சாதம், பிரியாணி | நன்று | சுமார் | உதவாது |
| வெளியிடத்தில் | கஷ்டம் | பரிமாறுபவர் கையைப் பொறுத்தது | நன்று |
| மறைந்திருக்கும் செலவு | அரிசி மாறும்போதெல்லாம் மறுபடி அளப்பது | எண்ண மறப்பது | சரியான அளவுத் தட்டு தேடுவது |

## யாருக்கு எது

மாத்திரையோடு சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க முயல்பவர், மதியச் சோற்றால்தான் எண் ஏறுகிறதா என்று கண்டுபிடிக்க வேண்டியவர், இரண்டு வாரமாவது கிண்ணத்தைப் பிடிப்பது நல்லது. இரண்டு வாரம் தலைதட்டி அளந்த பிறகு அந்த ஒன்றரைக் கிண்ணம் தட்டில் எப்படித் தெரியும் என்பது கண்ணுக்குப் பழகிவிடும். அதன் பிறகு கரண்டிக்கு மாறலாம், மாதம் ஒருமுறை கிண்ணத்தால் சோதித்துக்கொண்டால் போதும். கண் மெல்ல மெல்லத் தாராளமாகிவிடும், அதுவும் பெரும்பாலும் கூட்டும் பக்கமாகத்தான்.

பரிமாறுபவர் ஒருவர், சாப்பிடுபவர் வேறொருவர் என்றால், குறிப்பாக வயதான அப்பாவுக்கு மருமகள் பரிமாறும் வீட்டில், கரண்டி எண்ணிக்கைதான் சண்டையில்லாத வழி. "அப்பாவுக்கு நாலு கரண்டி" என்பது வீட்டில் யார் பரிமாறினாலும் சொல்லிவிடக்கூடிய ஒரு வரி. ஆனால் சாதக் கரண்டி எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

எடை கொஞ்சம் குறைய வேண்டும், காய் கூட வேண்டும், எண்ணெல்லாம் வேண்டாம் என்பவருக்குத் தட்டு போதும். காய்க்குப் பாதித் தட்டு என்பது 9 அங்குலத் தட்டில் 400 மில்லி, கிண்ணத்தில் இரண்டரை வரும். வழக்கமாகப் பொரியல் அரைக் கிண்ணம்தான் வைக்கிறோம் என்பதால், முதலில் மாற வேண்டியது காய் வாங்கும் அளவு.

எண்ணெயை இந்த மூன்றில் எதாலும் பிடிக்க முடியாது. ஒரே கிண்ணப் பொரியலில் ஒரு தேக்கரண்டி எண்ணெயும் இருக்கலாம், மூன்றும் இருக்கலாம், பார்த்தால் தெரியாது. ஒரு தேக்கரண்டிக்கு 40 கலோரி. அதற்கு மாதக் கணக்கு ஒன்றே வழி. ஒரு லிட்டர் பாக்கெட்டில் 910 கிராம் என்று அச்சடித்திருப்பார்கள். மாதத்துக்கு எத்தனை பாக்கெட் காலியாகிறது என்று பார்த்து, வீட்டு ஆட்களாலும் முப்பதாலும் வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு என்று வந்துவிடும். நாலு பேர் வீட்டில் ஐந்து பாக்கெட் என்றால் ஆளுக்கு 38 கிராம். மேலே சொன்ன ஒரு நாள் தட்டில் 2,000 கலோரிக்கு இருப்பது 27 கிராம்.

மாவுச்சத்தின் கிராமைப் பார்த்து இன்சுலின் யூனிட்டை மாற்றிக்கொள்கிறவர்களும், சிறுநீரகக் கோளாறுக்காகப் புரதத்தைக் கிராமில் கட்டுப்படுத்தச் சொல்லப்பட்டவர்களும் இந்த மூன்றில் எதையும் நம்பி இருக்க வேண்டாம். கோபுரம் ஒன்றாலேயே 12 கிராம் தவறும் இடத்தில் அவர்களுக்குத் தராசுதான் சரி, சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. தராசு வந்த பிறகும் கோடு போட்ட கிண்ணத்தைத் தூக்கி எறிய வேண்டாம். மின்கலம் தீர்ந்துபோகும் நாளில் அது கைகொடுக்கும், அதில் தலைதட்டின சோறு எத்தனை கிராம் என்பதைத் தராசில் வைத்து ஒருமுறை எழுதி வைத்திருந்தால்.